ஓட்ஸ், பயறு, பழத்தோல்: எந்த நார் எந்த வேலைக்கு?

‘அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரை இருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பும் கூடியிருக்கிறது. மலச்சிக்கலும் உண்டு. நார்ச்சத்து சேர்க்கச் சொன்னார்கள். அதனால் மாதம் இரண்டு பாக்கெட் ஓட்ஸ் வாங்குகிறோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மானாவாரி நிலத்தில் வரகும் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விளைகின்றன. வீட்டு வாசலில் கொய்யா மரம் நிற்கிறது. ஓட்ஸுக்குப் பதிலாக வரகுக் கஞ்சி கொடுத்தால் போதாதா?’

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியிலிருந்து வந்த கேள்வி இது. அரியலூர் பக்கமிருந்தும் இதே பொருளில் கேட்கிறார்கள். ‘போதும்’ என்றோ ‘போதாது’ என்றோ ஒரே சொல்லில் பதில் எழுத முடியாது. நார்ச்சத்து என்று நாம் சொல்வது ஒரு பொருள் அல்ல. அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வேலை வேறு. வரகு ஒரு வேலையை நன்றாகச் செய்யும். ஓட்ஸ் செய்யும் இன்னொரு வேலையை அது அவ்வளவாகச் செய்யாது. ஆனால் அந்த இன்னொரு வேலைக்கு ஆள் இந்த வாசகியின் நிலத்திலேயே இருக்கிறது. அதுதான் தட்டைப்பயறு.

மாடு செரிக்கும், மனிதன் செரிப்பதில்லை

செடியின் உடம்பைத் தாங்கி நிற்கும் பொருள்தான் நார். தண்டு, தோல், தவிடு, பழச்சதை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மாட்டுக்கு வைக்கோலைப் போட்டால், முதல் இரைப்பையில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்கின்றன. மாடு அதில் உயிர் வாழ்கிறது. நமக்கு அப்படி ஓர் இரைப்பை கிடையாது. சோற்றில் உள்ள மாவுப்பொருளைச் செரிக்கும் நம் குடல் நீர்களால் நாரை உடைக்க முடியாது. அதனால் நார் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பயணத்தில் அது என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டு வகையும் பிரிகின்றன.

இதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். மூன்று டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி வெந்தயத்தைத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற வையுங்கள். இன்னொன்றில் ஒரு கரண்டி தவிட்டை அதேபோல ஊற வையுங்கள். மூன்றாவதில், ஒரு கைப்பிடி ஓட்ஸைத் தண்ணீரில் காய்ச்சி ஊற்றி ஆற விடுங்கள். காலையில் பார்த்தால் வெந்தயத்தைச் சுற்றி வழுவழுப்பாகக் கோழை கட்டியிருக்கும். ஓட்ஸ் கஞ்சி கூழாக இறுகியிருக்கும். தவிடு மட்டும் நீரைக் குடித்து உப்பி அடியில் கிடக்கும், மேலே நிற்கும் நீர் நீராகவே இருக்கும்.

கோழை கட்டுவதும் கூழாவதும் கரையும் நார். அடியில் கிடப்பது கரையாத நார். வெண்டைக்காயின் வழவழப்பும் கரையும் நார்தான். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினும், பழக்கூழை இறுக வைக்கும் பெக்டினும் அதே இனம். ஓட்ஸில் உள்ளதற்கு பீட்டா குளுக்கன் என்று பெயர். சோளம், மக்காச்சோளம் போன்றவற்றின் மேல்தோல், பயற்றின் தொலி, பழத்தோலின் முறுகல், கீரைத் தண்டின் நரம்பு ஆகியவை பெரும்பாலும் கரையாத நார். மக்காச்சோளம் அவித்துத் தின்ற மறுநாள் அதன் தோல் அப்படியே வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். கரையாத நாருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கரையும் நாரின் வேலை

கரையும் நார் வயிற்றில் நீரோடு சேர்ந்து கூழாகிறது. அந்தக் கூழுக்குள் சோறும் பருப்பும் சிக்கிக்கொள்வதால், இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மாவு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறுவதும் மெதுவாகும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சர்க்கரை சட்டென உயர்ந்து இறங்குவது குறைகிறது.

இரண்டாவது வேலை கொழுப்பில் நடக்கிறது. நம் கல்லீரல், கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்தநீரின் உப்புகளைச் செய்கிறது. குடலில் வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதியை உடம்பு மறுபடி உறிஞ்சி, கல்லீரலுக்கே அனுப்பிவிடும். ஓட்டை இல்லாத வாய்க்காலில் நீர் சுற்றிச் சுற்றி வருவது போல அது ஓடுகிறது. கரையும் நார் உருவாக்கும் கூழ், அந்தப் பித்த உப்புகளில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து எடுக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைவது இப்படித்தான்.

கடைசியாகப் பெருங்குடலுக்கு வரும் கூழை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து உண்கின்றன. மாட்டின் இரைப்பையில் நடப்பதன் சின்ன வடிவம் அது. அதில் உண்டாகும் அமிலங்கள் குடல் சுவருக்கு உணவாகின்றன. வாயுவும் உண்டாகும். பயறு சாப்பிட்டால் வயிறு உப்புவது இதனால்தான்.

கரையாத நாரின் வேலை

கரையாத நார் கூழாவதில்லை, பித்தத்தை அவ்வளவாகப் பிடிப்பதுமில்லை. அது நீரைத் தன்னுள் வாங்கி உப்பி, மலத்துக்குப் பருமனும் மென்மையும் தருகிறது. பருமனான மலம் குடல் சுவரை அழுத்தித் தள்ளத் தூண்டுகிறது. மலம் குடலில் தங்கும் நேரம் குறைகிறது. முக்குவதும், அதனால் வரும் மூலமும் குறைய இது உதவும்.

ஆக, மலச்சிக்கலுக்குக் கரையாத நார். கொழுப்புக்கும், சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரைக்கும் கரையும் நார். நூற்றுக்கு நூறு இப்படிப் பிரிந்து நிற்காது. பெரும்பாலான விளைபொருள்களில் இரண்டும் கலந்தே இருக்கும். ஆனாலும் எதில் எது அதிகம் என்பது தெரிந்தால், யாருக்கு எதைக் கொடுப்பது என்பதும் தெரியும்.

நம் மண்ணின் தானியங்களில் எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. கரையும் நார், கரையாத நார் இரண்டையும் அதில் தனித்தனியே தந்திருக்கிறார்கள். அதிலிருந்து நம் பக்கத்துப் பயிர்களை மட்டும் பார்ப்போம். எல்லாம் 100 கிராம் உலர்ந்த தானியத்துக்கான கணக்கு.

தீட்டிய பச்சரிசியில் மொத்த நார் 3 கிராமுக்கும் குறைவு. வரகரிசியில் 6 கிராமுக்குச் சற்று மேல், அதில் கரையும் நார் சுமார் 2 கிராம். சோளத்தில் 10 கிராம், அதில் கரைவது 2 கிராமுக்கும் குறைவு. பெரம்பலூர் மாவட்டத்தில் மிகுதியாக விளைந்து கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தில் 12 கிராம் இருக்கிறது. ஆனால் அதில் கரையும் நார் ஒரு கிராம் அளவே.

ஓட்ஸை எடுத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 10 கிராம். அதில் பீட்டா குளுக்கன் மட்டுமே ஏறத்தாழ 4 கிராம். பார்லியிலும் இதே பொருள் இதே அளவுக்கோ, அதற்குச் சற்று மேலோ உண்டு. அரிசி, சோளம், மக்காச்சோளம், சிறுதானியங்களில் பீட்டா குளுக்கன் மிகக் குறைவு.

ஆக, மொத்த நாரை மட்டும் பார்த்தால் மக்காச்சோளம் ஓட்ஸை முந்திவிடும். வேலையைப் பார்த்தால் இரண்டும் வேறு. பாக்கெட்டில் ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்வதில் உள்ள சிக்கல் இதுதான். அந்தச் சொல், எந்த நார் என்று சொல்வதில்லை. அரிசிக்குப் பதிலாக வரகு சாப்பிட்டால் நார் இரண்டு மடங்காகிறது, அது நல்லதுதான். ஆனால் ஒரு வேளை வரகுக் கஞ்சியை ஓட்ஸுக்குச் சமமாகக் கொண்டு, கொழுப்பு இறங்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஓட்ஸுக்கு நிகர் பயறு

நம் ஊரில் தானியத்துக்காக ஓட்ஸ் விளைவிப்பதில்லை. வட மாநிலங்களில் குளிர்காலத் தீவனமாக அதை விதைக்கிறார்கள். அப்படியானால் ஓட்ஸின் வேலையைச் செய்ய நம்மிடம் என்ன இருக்கிறது?

இதற்கு விடை தரும் ஆய்வு ஒன்றை அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனும் குழுவினரும் 1984-ல் வெளியிட்டார்கள். கொழுப்பு மிகுந்த 20 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் ஓட்ஸ் தவிடு, மற்றதற்கு உலர்ந்த பீன்ஸ் விதை. 21 நாள்கள் இப்படிக் கொடுத்தார்கள். இரண்டு உணவிலும் கரையும் நார் ஒரே அளவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். முடிவில் இரண்டு பிரிவிலும் மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரே அளவில், சுமார் 19 சதவீதம் குறைந்தது. ஓட்ஸ் சாப்பிட்டவர்களும் பயறு சாப்பிட்டவர்களும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

அந்த 19 சதவீதத்தை நம் வீட்டில் எதிர்பார்க்கக் கூடாது. அது கண்காணிப்பில், மிகப் பெரிய அளவில் கொடுத்த உணவு. தினசரிச் சாப்பாட்டில் கிடைக்கும் பலன் அதைவிடச் சிறியது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன், அதாவது 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் சாப்பிட்டு வந்தால் எல்.டி.எல். 5 சதவீதமோ, அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ குறைகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினம் 130 கிராம் வெந்த பயறு சாப்பிடுபவர்களுக்கும் சுமார் 5 சதவீதம் குறைந்திருக்கிறது. 130 கிராம் வெந்த பயறு என்பது ஒரு நடுத்தரக் கிண்ணம். உலர்ந்ததாக 50 கிராம் ஊற வைத்தால் அவ்வளவு வரும்.

ஓட்ஸைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பலரும் இரண்டு மூன்று கரண்டி ஓட்ஸைப் பாலில் போட்டுக் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது 30 கிராம்கூட வராது. ஆய்வில் பலன் தந்த அளவில் பாதிக்கும் கீழே அது.

பயற்றின் தொலியை எங்கே விட்டோம்?

பயற்றின் இன்னொரு சிறப்பு, இரண்டு நாரும் ஒரே விதையில் இருப்பது. உள்ளே இருக்கும் பருப்பில் கரையும் நாரும் கரையாத நாரும் கலந்திருக்கும். வெளியே உள்ள தொலி ஏறக்குறைய முழுவதும் கரையாத நார். உடைத்துத் தொலி நீக்கினால் என்ன ஆகிறது என்பதைப் பச்சைப்பயற்றில் பாருங்கள். முழுப் பயற்றில் 100 கிராமுக்கு 17 கிராம் நார். அதையே உடைத்துப் பாசிப்பருப்பாக்கினால் 9 கிராமுக்குச் சற்று மேல். கிட்டத்தட்டப் பாதி, தொலியோடு போய்விடுகிறது. துவரையிலும் முழு விதையில் 23 கிராம் அளவுக்கு இருப்பது, பருப்பாகும்போது 9 கிராமாகிவிடுகிறது.

தினமும் சாம்பார் வைக்கிறோமே, அதுவும் பயறுதானே என்று கேட்கலாம். ஒருவர் தட்டில் விழும் சாம்பாரில் துவரம்பருப்பு 30 கிராம் இருந்தாலே பெரிது. அதில் கிடைப்பது 3 கிராமுக்கும் குறைவான நார். முழுத் தட்டைப்பயறு, முழுப் பச்சைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றைச் சுண்டலாகவோ குழம்பாகவோ சேர்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

கொய்யாத் தோலும் முந்திரிச் சக்கையும்

பழத்தோலில் இரண்டு நாரும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே முறுகலாக உள்ளது கரையாத நார். அதை ஒட்டிய சதையிலும், எலுமிச்சை இனத்தின் வெள்ளைப் பகுதியிலும் இருப்பது பெக்டின் என்ற கரையும் நார். கொய்யாவில் 100 கிராமுக்கு 8 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கரையாதது, கரையும் நார் ஒரு கிராமுக்குச் சற்று மேல். தோலை இழைத்துவிட்டு, அரைத்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுச் சாறாகக் குடித்தால் அந்த நாரில் பெரும்பாலானது வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கம் முந்திரிக் காடுகளில் பருவத்தில் பழங்கள் குவிந்து கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை விட்டுவிடுவோம். தின்பவர்களும் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புவார்கள். நார் இருப்பது அந்தச் சக்கையில்தான். தொண்டையைக் கரகரப்பாக்கும் துவர்ப்புதான் தடை. பழத்தை நறுக்கி உப்பு நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் துவர்ப்புக் குறையும். இரண்டு மூன்று துண்டுகளை மென்று விழுங்கலாம். பாட்டிமார் செய்த பீர்க்கங்காய்த் தோல் துவையலும், வாழைக்காய்த் தோல் துவையலும் இதே கணக்கில் சேரும்.

தோலைத் தின்னும்போது கவனிக்க வேண்டியது மருந்து. பூச்சிக்கொல்லி முதலில் படிவது தோலில்தான். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்ததில் ஒரு பங்கு போகும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினால் போகாது. தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பது மருந்துப் புட்டியின் சீட்டில் இருக்கும். சீட்டு கிழிந்துவிட்டால், பெரம்பலூர் மாவட்டத்தினர் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தினர் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுக்கொள்ளலாம். வாங்கிய பழம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தோலை நீக்கிவிடுவதே நல்லது. மருந்தடிக்காத வாசல் மரத்துக் கொய்யாவைத் தோலோடு தின்னலாம்.

ஒரு நாள் கணக்கு

இப்போது குன்னம் வாசகியின் அப்பாவுக்கு வருவோம். 2000 கலோரி அளவு உண்பவருக்கு நாளொன்றுக்கு சுமார் 30 கிராம் நார் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அவர் மூன்று வேளையும் சேர்த்து 350 கிராம் அரிசி உண்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 10 கிராம் நார். சாம்பார்ப் பருப்பில் 3 கிராம். நூறு கிராம் காய்கறியில் 3 கிராம். மொத்தம் 16 கிராம். தேவையில் பாதிதான். காலையில் 40 கிராம் ஓட்ஸ் சேர்த்தாலும் 4 கிராம்தான் கூடும், 20-ல் நின்றுவிடும்.

ஓட்ஸ் இல்லாமல், அவர்கள் நிலத்தில் விளைவதைக் கொண்டே மாற்றிப் பார்ப்போம். காலையில் 80 கிராம் வரகரிசியில் சோறோ பொங்கலோ செய்தால் 5 கிராம். மதியமும் இரவும் சேர்த்து அரிசியை 200 கிராமாகக் குறைத்தால் அதில் 5 கிராமுக்கு மேல். சாம்பார்ப் பருப்பில் அதே 3 கிராம். உலர்ந்த தட்டைப்பயறு 50 கிராமை வேகவைத்துச் சுண்டலாகவோ, கத்தரிக்காயோடு குழம்பாகவோ வைத்தால் 6 கிராம். கொத்தவரை, அவரை, வெண்டை என்று காயை 200 கிராமாக்கினால் 6, 7 கிராம். நடுத்தரக் கொய்யா ஒன்று தோலோடு, 8 கிராம். கூட்டினால் 33 கிராமைத் தாண்டுகிறது.

அளவு மட்டும் அல்ல, வேலையும் பிரிந்து நிற்கிறது. தட்டைப்பயறு, கொத்தவரை, வெண்டை ஆகியவை கூழாகும் நாரைத் தருகின்றன. வரகும் பயற்றின் தொலியும் கொய்யாவும் மலத்துக்குப் பருமன் தருகின்றன. அரிசி குறைந்ததால் சர்க்கரைக்கும் நல்லது. ஓட்ஸுக்குச் செலவான பணமும் மிஞ்சும். அப்பாவுக்கு ஓட்ஸ் பிடித்திருந்தால் அதைத் தொடர்வதிலும் தவறில்லை. பிடிக்காமல் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் பதில்.

எங்கே தவறு நடக்கும்?

முதல் தவறு, ஒரே நாளில் 16-லிருந்து 33-க்குத் தாவுவது. வயிறு உப்பி, வாயு பிரிந்து, மூன்றாம் நாளே ‘எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது’ என்று கைவிட்டுவிடுவார்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்குப் பழக நாள் வேண்டும். முதல் வாரம் இரண்டு கரண்டி வெந்த பயறு, அடுத்த வாரம் நான்கு கரண்டி என்று ஒரு மாதத்தில் முழு அளவுக்கு வாருங்கள். பயற்றை எட்டு மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். மொச்சை, ராஜ்மா போன்றவற்றை அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது. அவற்றில் உள்ள நச்சு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும்.

இரண்டாவது தவறு, நாரைக் கூட்டிவிட்டு நீரைக் கூட்டாதது. உலர்ந்த வைக்கோலை மட்டும் தின்று தண்ணீர் குடிக்காத மாட்டின் சாணம் எப்படிக் கட்டிப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்கும் அப்படித்தான். தவிடும் சிறுதானியமும் சேர்த்த பிறகு மலம் இன்னும் இறுகினால், குடிக்கும் நீர் போதவில்லை என்று பொருள். வெயிலில் வேலை செய்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பலன் தெரிகிறதா என்று பார்க்காமலிருப்பது. கரையாத நாரின் வேலை ஓரிரு வாரத்தில் தெரிந்துவிடும். முக்காமல் மலம் கழிய வேண்டும், கட்டி கட்டியாக இல்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கரையும் நாரின் வேலை கண்ணுக்குத் தெரியாது. தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்று என எடுத்து, எல்.டி.எல். எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். 5 சதவீதம் என்பது 150-ல் இருப்பவருக்கு ஏழெட்டுப் புள்ளிதான். அதனால் மாத்திரையின் இடத்தை உணவு பிடித்துவிடும் என்று நினைத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வாசகர் கேள்விகள்

*அடிக்கடி வயிற்றுப்போக்கு ஆகிறது. நான் நார் சேர்க்கலாமா?*

தவிடு, முழுத் தானியம், பழத்தோல் போன்ற கரையாத நாரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை குடலை இன்னும் தூண்டும். ஓட்ஸ் கஞ்சி, தோல் நீக்கிய கனிந்த பழம் போன்ற கரையும் நார், நீரைப் பிடித்து மலத்தைக் கெட்டியாக்க உதவும். சில நாளில் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

*கடையில் பல வகை ஓட்ஸ் இருக்கிறது. எதை வாங்குவது?*

பாக்கெட்டின் பின்புறம், சேர்ந்துள்ள பொருள்கள் என்ற இடத்தில் ஓட்ஸ் மட்டும் இருக்க வேண்டும். மசாலா ஓட்ஸில் உப்பும், பழச்சுவை ஓட்ஸில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். ஓரிரு நிமிடத்தில் வேகும்படி நைசாக்கிய வகையைவிட, தட்டையாக நசுக்கிய தடித்த அவல் போன்ற வகை, சர்க்கரையை மெதுவாக ஏற்றும்.

*பார்லித் தண்ணீரை வடிகட்டிக் குடித்தால் போதுமா?*

பீட்டா குளுக்கனில் ஒரு பங்கு நீரில் இறங்கும், மீதி தானியத்திலேயே இருக்கும். அடியில் நிற்கும் பார்லியையும் மோரில் கலந்தோ, சுண்டலோடு சேர்த்தோ சாப்பிட்டுவிடுங்கள்.

*மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?*

தைராய்டு மாத்திரையை நார் மிகுந்த உணவோடு சேர்த்து விழுங்கினால், உடம்பில் சேர்வது குறையும். வெறும் வயிற்றில் மாத்திரை, குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அரிசியைக் குறைத்து நாரைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அளவு மருந்தே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, கொய்யா அளவை மருத்துவர் சொல்லும்படி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். குடிக்கும் நீரின் அளவும் அப்படியே.

*எப்போது நாரை நம்பிக் காத்திருக்கக் கூடாது?*

மலத்தில் ரத்தம் வந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், 50 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறினாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வயிறு வீங்கி, வாயுவும் மலமும் பிரியாமல், வாந்தியும் எடுத்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது தவிடோ பழத்தோலோ கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.